லேப்டாப் நாலஞ்சு தடவை அமுக்கினாத்தான் ஆன் ஆகுது: பட்டனா, கெப்பாசிட்டரா, கரண்டா?

பேட்டை ஜெராக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். கடையில ஓடுற லேப்டாப், 14 இஞ்ச், எட்டு வருசம் ஆச்சு. காலையில 9 மணிக்குப் பட்டனை அமுக்கினா லைட் எரியுது, ஃபேன் ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட் சுத்துது, உடனே எல்லாம் அணைஞ்சுருது. திரும்ப அமுக்கணும். நாலாவது, அஞ்சாவது தடவையிலதான் பிடிக்குது. பிடிச்சிட்டா ராத்திரி 9 மணி வரைக்கும் ஒரு குறையும் இல்ல. ரீஸ்டார்ட் கொடுத்தாலும் நல்லா வருது. மத்தியானம் ரெண்டு மணி நேரம் கடையைச் சாத்திட்டு வந்து போட்டா ரெண்டாவது தடவையில வந்துரும்.

பேட்டரி பத்து நிமிசம்தான் நிக்குதுன்னு ஆறு மாசத்துக்கு முன்னால கழட்டி வச்சாச்சு. சார்ஜர் 19 வோல்ட், 3.42 ஆம்பியர். போன வருசம் வாங்கினது. மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தேன், 19.3 காட்டுது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில காட்டினதுக்கு "போர்டுல கெப்பாசிட்டர் போச்சு, மதர்போர்டு மாத்தணும்"னு சொல்லுதாங்க. மாத்துறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு எழுதுதேன்.

வண்ணாரப்பேட்டை_24

அண்ணாச்சி, எட்டு வருசம்னா சீமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். உள்ள வட்டமா ஒரு காசு மாதிரி இருக்கும், சிஆர் 2032. அதை மாத்துங்க. அப்புறம் விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒன்னு இருக்கு, அது கெட்டாலும் ஆன் ஆகும்போது மக்கர் பண்ணும். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினா திறந்து இதைக் கொடுங்க:

```
powercfg /h off
```

என் கிளாஸ்மேட் லேப்டாப் இதுலதான் சரியாச்சு.

சால்டரிங் மேசை

தம்பி சொன்ன இரண்டும் உண்மையான காரணங்கள்தான், ஆனால் இந்த நோய்க்கு உரியவை அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் கெட்டால் கம்பெனி லோகோ திரையில் வந்தபிறகு சுற்றிக்கொண்டே நிற்கும். இங்கே இரண்டு வினாடியில் மெஷினே செத்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் விண்டோஸ் ஹார்ட் டிஸ்கை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. சந்தேகம் இருந்தால் மெஷின் ஆன் ஆனபிறகு இதைக் கொடுத்துப் பாருங்கள்:

```
wevtutil qe System /q:"*[System[(EventID=41)]]" /c:5 /rd:true /f:text
```

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருந்தால்தான் இதில் பதிவாகும். காலையில் ஐந்து தடவை அணைந்தும் இதில் ஒன்றும் இல்லையென்றால், தவறு விண்டோஸுக்கு வெகு முன்னாலேயே நடக்கிறது.

காசு பேட்டரி பலவீனமானால் முதலில் தேதி தப்பும். அண்ணாச்சி தேதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சில போர்டுகளில் அந்த செல் நன்றாக இறங்கிவிட்டால் மெஷின் எழுந்திருக்காமல் அடம்பிடிப்பது உண்டு. கழற்றும்போது மீட்டரில் பார்த்துவிடலாம். புதுசு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 2.7க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். எத்தனை தடவை அமுக்கினீர்கள் என்பது எனக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு தடவையும் எந்த இடத்தில் நின்றது என்பதுதான் சொல்லும். அமுக்கியும் லைட்டே வரவில்லையென்றால் பட்டன், பட்டனிலிருந்து போகும் பட்டை கேபிள், ஜாக் இவற்றைப் பார்க்க வேண்டும். லைட் வந்து, ஃபேன் ஓடிக்கொண்டே இருந்து, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் ரேம் பக்கம் போகணும். உங்களுடையது நடுவிலுள்ள வகை. லைட் வந்துவிட்டது, ஃபேன் சுற்றிவிட்டது. அப்படியென்றால் பட்டன் தன் வேலையைச் செய்துவிட்டது, அதை விட்டுவிடலாம். பட்டனுக்குப் பிறகு மெஷின் மின்சாரத்தை இழுக்கத் தொடங்குகிறது, அந்த இழுப்பைத் தாங்காமல் எங்கோ ஒன்று கைவிடுகிறது.

ஒரு கேள்வி: பேட்டரியைக் கழற்றியது ஆறு மாதத்துக்கு முன்பு. இந்தத் தொந்தரவு அதற்கு முன்னால் இருந்ததா, பிறகு வந்ததா?

பேட்டை ஜெராக்ஸ்

யோசிச்சுப் பார்த்தா பேட்டரி கழட்டினதுக்கு ஒரு மாசம் கழிச்சுதான். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நினைக்கல. தேதி சரியாத்தான் காட்டுது. அந்தக் கமாண்ட் போட்டேன், ரெண்டு மாசத்துக்கு முன்னால கரண்ட் போன அன்னைக்கு உள்ளது ஒன்னுதான் இருக்கு.

வால்வு ரேடியோ

தம்பி, இதுல ரகசியம் ஒன்னும் இல்ல. கெப்பாசிட்டர் காயுது. அலுமினிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்னா உள்ள ஒரு திரவம் இருக்கும். சூட்டுல அது வருசக்கணக்கா ஆவியாகி வத்தும். வத்தினா உள்தடை ஏறும். மீட்டர்ல அளவு சரியாத்தான் காட்டும், ஆனா திடீர்னு ஒரு இழுப்பு வந்தா கொடுக்காது. கொஞ்சம் சூடானா உள்தடை குறையும், அப்ப வேலை செய்யும். காலையில மக்கர், மத்தியானம் கொஞ்சம் பரவால்ல, ஓடினபிறகு குறையில்லங்கிறது அதோட கையெழுத்து. டிவி, ஆம்ப்ளிஃபயர், செட்டாப் பாக்ஸ் எல்லாத்துலயும் இதே கதைதான். போர்டைக் கழட்டிப் பாருங்க, தலை உப்பின கெப்பாசிட்டர் ரெண்டாவது கண்ணுல படும். அதை மாத்தினாப் போதும், மதர்போர்டு மாத்த வேண்டாம்.

சால்டரிங் மேசை

அண்ணாச்சி சொன்ன குணம் நூற்றுக்கு நூறு சரி. இடம்தான் வேறு. தலை உப்பும் கெப்பாசிட்டர் டெஸ்க்டாப் போர்டில் இருக்கும். லேப்டாப் போர்டில் அந்த உருளை வகைக்கு உயரமே கிடையாது. அங்கே இருப்பவை சின்னச் சின்ன செராமிக்கும், தட்டையான பாலிமர் வகையும். பாலிமரில் திரவம் இல்லை, உப்பாது, காலைக்கும் மத்தியானத்துக்கும் அதன் குணம் பெரிதாக மாறாது. செராமிக் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆனால் ஐந்தாவது தடவையிலும் எழும்பாது. ஆகவே கடைக்காரர் சொன்ன "போர்டில் கெப்பாசிட்டர்" என்பதை நான் எளிதில் ஏற்க மாட்டேன். ஒரு விதிவிலக்கு, 2007 முதல் 2010 வரை வந்த சில மாடல்களில் புராசசருக்கு அடியில் பெரிய சதுரக் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும், அது இப்படிப் படுத்துவது உண்டு. இது அந்தக் காலத்து மெஷின் இல்லை.

அண்ணாச்சி சொன்ன அந்தத் திரவக் கெப்பாசிட்டர் இந்தக் கதையில் உண்டு, அது சார்ஜருக்குள் இருக்கிறது. மூடிய பிளாஸ்டிக் டப்பா, காற்றுப் போக வழியில்லை, பலர் அதை மெத்தை மேலோ பேப்பர்க் கட்டுக்கு அடியிலோ போட்டுவைப்பார்கள். இந்த வகைக் கெப்பாசிட்டருக்குச் சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதி. மட்டமான சார்ஜரில் ஒரு வருடமே போதும்.

இப்போது பேட்டரி. பத்து நிமிடம்தான் நிற்கும் என்று கழற்றிவிட்டீர்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடப் பேட்டரி ஆன் ஆகும் அந்த அரை வினாடி இழுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தது. சார்ஜர் தடுமாறினால் போர்டு பேட்டரிக்கு மாறிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. கழற்றியபிறகு மொத்தச் சுமையும் சார்ஜர் மேல். பழைய குறைதான், மூடியிருந்த துணியை எடுத்ததும் தெரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்பச் சொல்லவில்லை, சோதித்துப் பாருங்கள். பேட்டரியைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். வயிறு உப்பி ஆடினால் போடவே வேண்டாம். தட்டையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். முதலில் பேட்டரியை மட்டும் போட்டு ஐந்து தடவை ஆன் செய்யுங்கள், சார்ஜர் செருகக் கூடாது. பிறகு உங்கள் சார்ஜர் மட்டும், ஐந்து தடவை. பிறகு யாரிடமாவது அதே 19 வோல்ட், 65 வாட், அதே பின் உள்ள சார்ஜரை இரவல் வாங்கி ஐந்து தடவை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் இருபது நிமிடம் அணைத்துப் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் சூடு கணக்கைக் கெடுத்துவிடும். முதல் அமுக்கில் வந்ததா இல்லையா என்று மட்டும் காகிதத்தில் குறியுங்கள். ரீஸ்டார்ட்டை இதில் சேர்க்காதீர்கள். ரீஸ்டார்ட்டில் பல இடங்களில் கரண்ட் முழுதாகப் போய்த் திரும்ப வருவதில்லை, அதனால் அது நன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது.

களக்காட்டான்

எங்க ஊர்ப்பக்கம் சாயங்காலம் ஆனா வோல்டேஜ் 170க்கு இறங்கிரும். மோட்டார் எல்லாம் உறுமும். அதுபோல லோ வோல்டேஜாக இருக்கலாம். ஒரு ஸ்டெபிலைசர் போட்டுப் பாருங்களேன்.

சால்டரிங் மேசை

சார்ஜரின் முதுகைப் படியுங்கள், 100–240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். 170 அதற்குப் பொருட்டே இல்லை. மோட்டாருக்குப் பொருந்துவது இதற்குப் பொருந்தாது. ஸ்டெபிலைசருக்குக் காசு போட வேண்டாம். ஆனால் சுவர்ப் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். தளர்ந்த சாக்கெட்டில் பொறி தட்டினால் சார்ஜர் துண்டு துண்டாகத்தான் கரண்ட் வாங்கும். சோதனைக்குச் சுவர் பிளக்கிலேயே நேராகச் செருகுங்கள்.

குற்றாலச் சாரல்

எனக்கும் இதே பிரச்சினைதான்! தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கினாலே, ஆனி, ஆடி ரெண்டு மாசமும், லைட் எரியுது, ஃபேன் ஓடுது, ஆனா திரை கறுப்பு. ரேமைக் கழட்டி அழிரப்பர் வச்சுத் தேய்ச்சு மாட்டினா வந்துரும். பத்து நாள் போனா திரும்ப அதே. அண்ணாச்சி, நீங்களும் ரேமைக் கழட்டி மாட்டுங்க, சரியாயிரும்.

சால்டரிங் மேசை

உங்களுடையது இதே பிரச்சினை இல்லை. உங்கள் மெஷினில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது, திரைதான் இல்லை. பேட்டை அண்ணாச்சியின் மெஷினில் எல்லாமே அணைந்துபோகிறது. ஆனால் கேட்டுவிட்டீர்கள், காண்டாக்ட் பற்றிச் சொல்ல வேண்டியதுதான்.

ரேமின் பல்வரிசையில் உள்ளது தங்கப்பூச்சு. தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் பூச்சு ஒரு மைக்ரானைவிடவும் மெல்லியது, அதில் ஊசித்துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக ஈரம் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் தொட்டு மேலே ஒரு படலம் கட்டும். 19 வோல்ட் ஓடும் இடத்தில் அந்தப் படலத்தை மின்சாரமே குத்திக்கொண்டு போய்விடும். ரேமில் இருப்பது ஒன்றரை வோல்ட்டுக்கும் கீழே. அதற்குக் குத்தும் பலம் இல்லை. அதனால்தான் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் வராமல், கையால் கழற்றி மாட்டி உரசினால் வருகிறது.

அழிரப்பர் வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு தடவையும் பூச்சு கொஞ்சம் போகிறது, அடுத்த படலம் இன்னும் சீக்கிரம் கட்டுகிறது. உங்களுக்குப் பத்து நாளில் திரும்புவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நூல் பிரியாத துணியை நனைத்து, பல்லின் நீளவாக்கில் துடையுங்கள். அதோடு ஸ்லாட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். ரேமை மட்டும் தேய்க்கிறார்கள், எதிரே நிற்கிற சுருள்பற்களில் அதே அழுக்கு இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஆல்கஹால் தொட்டு ரேமை நாலைந்து தடவை செருகி எடுத்தால் ஓரளவு சுத்தமாகும். பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிய பிறகுதான் இதைச் செய்யணும், முழுதாகக் காய்ந்தபிறகு பூட்டணும்.

வால்வு ரேடியோ

வெள்ளை அழிரப்பரை மெதுவா ரெண்டு இழுப்பு இழுத்தா ஒன்னும் ஆகாது தம்பி. பேனா மை அழிக்கிற சொரசொரப்பானதுதான் கெடுதி. அழிச்ச தூளை ஸ்லாட்டுக்குள்ள விழ விட்டிரக் கூடாது, அவ்வளவுதான். ஆல்கஹால் எல்லா ஊர்லயும் கிடைக்காது.

உவரிக் கரை

கடற்கரைப் பக்கம் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று. எங்கள் பக்கம் உப்புக்காற்று. இங்கே ரேமைவிட முதலில் கெடுவது சார்ஜர் ஜாக். பின்னைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கும். பேட்டைக்குக் கடல் தூரம்தான், ஆனாலும் ஜாக்கை ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். பச்சைக்குப் பதில் கறுப்பாகக் கருகியிருந்தால் அது சூட்டில் வந்தது.

பேட்டை ஜெராக்ஸ்

ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து பார்த்துட்டேன். பேட்டரி தட்டையாத்தான் இருக்கு.

பேட்டரி மட்டும்: அஞ்சுக்கு அஞ்சு, முதல் அமுக்குலயே வந்துச்சு.
என் சார்ஜர் மட்டும்: அஞ்சுல ஒன்னு.
பக்கத்து செல்போன் கடைத் தம்பியோட சார்ஜர்: அஞ்சுல நாலு. வராத அந்த ஒரு தடவை, மேசையை நகத்தும்போது வயர் இழுபட்டுச்சு. பின்னைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அமுக்கினேன், வந்துருச்சு.

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஜாக் உள்ள ஒரு பக்கம் கறுத்திருக்கு. பச்சை இல்ல. மெஷின் ஓடும்போது அந்த இடத்தைத் தொட்டா சுடுது.

இன்னொன்னும் செஞ்சு பார்த்தேன். திங்கக்கிழமை காலையில எட்டரைக்கே என் சார்ஜரைச் செருகிட்டு, பட்டனைத் தொடாம அரை மணி நேரம் விட்டேன். 9 மணிக்கு மூணாவது அமுக்குல வந்துச்சு. வழக்கமா அஞ்சு.

சால்டரிங் மேசை

அருமையான கணக்கு, அண்ணாச்சி. முதல் வரியே மதர்போர்டைக் காப்பாற்றிவிட்டது. பேட்டரியில் ஐந்துக்கு ஐந்து என்றால், போர்டில் உள்ள ரெகுலேட்டர், ரேம், புராசசர், பட்டன் அத்தனையும் நல்லபடியாக எழும்புகின்றன. பேட்டரி வழியில் இல்லாமல் சார்ஜர் வழியில் மட்டும் இருப்பவை மூன்றே: சார்ஜர், ஜாக், ஜாக்குக்குப் பின்னால் கரண்டுக்குக் கதவாக நிற்கும் நுழைவு மாஸ்ஃபெட். உங்களிடம் முதல் இரண்டிலும் குறை இருக்கிறது. ஒரு குறை என்று நினைத்துத் தேடுபவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். சார்ஜரை மாற்றினால் ஐந்தில் நாலு வரும், "சரியாகவில்லை" என்று சார்ஜரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

உள்ளே நடப்பது இது. சார்ஜர் வந்திருக்கிறதா என்று போர்டு ஒரு அளவு வைத்துப் பார்க்கும். பல போர்டுகளில் அந்த எல்லை 17 வோல்ட்டைச் சுற்றி இருக்கும். அதற்கு மேலே இருந்தால் நுழைவு மாஸ்ஃபெட்டைத் திறந்துவிடும், கீழே போனால் உடனே மூடும். நீங்கள் பட்டனை அமுக்காதவரை மெஷின் இழுப்பது மிகக் கொஞ்சம், மீட்டர் 19.3 காட்டும். அமுக்கியதும் போர்டிலுள்ள எல்லா மின்வழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்புகின்றன, ஃபேன் முழுவேகத்தில் கிளம்புகிறது, புராசசர் மிச்சப்படுத்தும் முறைக்கு இன்னும் போகவில்லை. அந்தக் கணத்தில் வோல்டேஜ் குழியில் விழுந்து எல்லையைத் தொட்டால் கதவு மூடிக்கொள்ளும். பேட்டரியும் இல்லை. லைட், ஃபேன், இருட்டு. நீங்கள் எழுதிய அதே காட்சி.

கருகிய ஜாக்கின் பங்கைக் கணக்குப் போடலாம். அந்தத் தொடுமுனையில் 0.4 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். சாதாரணமாக ஓடும்போது 1.5 ஆம்பியர் போனால் அங்கே 0.6 வோல்ட் தொலையும், கிட்டத்தட்ட ஒரு வாட் சூடாகும். பட்டாணி அளவு இடத்தில் ஒரு வாட் என்றால் விரல் சுடும். 3 ஆம்பியர் இழுத்தால் 1.2 வோல்ட் தொலையும், சூடு நாலு மடங்கு. சூட்டில் பின்னைப் பிடித்திருக்கும் சுருள்தகடு தளரும், தளர்ந்தால் தடை இன்னும் ஏறும். இது தானாகச் சரியாகாது.

இனி சார்ஜரைச் சுமை வைத்து அளக்கணும். சுமையில்லாமல் அளந்த 19.3 ஒன்றும் சொல்லாது. 10 ஓம், 50 வாட், அலுமினிய உடம்புள்ள ரெசிஸ்டர் ஒன்று வாங்கி, ஒரு தடித்த அலுமினியத் தகட்டில் திருகிவையுங்கள். அதைச் சார்ஜர் முனையில் இணைத்தால் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கையால் தொட வேண்டாம், கடுமையாகச் சுடும். நல்ல சார்ஜரில் கேபிள் இழப்போடு சேர்த்து அரை வோல்ட்டுக்குள்தான் குறையும், லைட் அசையாது.

சார்ஜர் லைட்டையும் கவனியுங்கள். சுவரில் செருகியவுடனே லைட் மினுக் மினுக்கென்று அடித்துப் பிறகு நிலைத்தால், உள்ளே கன்ட்ரோல் ஐசிக்கு உயிர் கொடுக்கிற சின்னக் கெப்பாசிட்டர் வற்றியிருக்கிறது. நிலையாக எரிந்த லைட் சுமை கொடுத்ததும் மினுக்கினால், வெளியீட்டுப் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டர்கள்.

பேட்டை ஜெராக்ஸ்

செல்போன் கடைத் தம்பி வச்சு ரெசிஸ்டர் மாட்டிப் பார்த்தோம். காலையில என் சார்ஜர் 19.3ல இருந்து 17.6க்கு விழுந்துச்சு, சுமை கொடுத்ததும் லைட் ரெண்டு தடவை மினுக்குச்சு. செருகும்போது மினுக்கல. அரை மணி நேரம் மெஷின் ஓடினபிறகு திரும்பப் பார்த்தா 18.9. இரவல் சார்ஜர் எப்பப் பார்த்தாலும் 19.1.

வால்வு ரேடியோ

நான் சொன்னேன்லா! சூடானதும் 17.6 எப்படி 18.9 ஆச்சு? உள்தடை குறைஞ்சுதான். அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போட வேண்டாம். ஓரத்துல கத்தியை வச்சுச் சுத்தியலால ஒரு தட்டு தட்டினா ஒட்டுப் பிரியும். வெளியீட்டுல 25 வோல்ட்டு, 470 அல்லது 680 மைக்ரோஃபாரட் ரெண்டு இருக்கும். அதே அளவு, 105 டிகிரி, உள்தடை குறைஞ்ச வகையா வாங்கி, மைனஸ் கோட்டைப் பார்த்து வைங்க. வேலை முடிஞ்சுது.

சால்டரிங் மேசை

அண்ணாச்சியின் கண்டுபிடிப்பு சரி, வெளியீட்டுக் கெப்பாசிட்டர்தான். ஆனால் இதை எல்லாரும் செய்யலாம் என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் டிசியாகப் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கியபிறகும் நிற்கலாம். பழக்கமில்லாதவர் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. பழகியவர்கூட 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட முனையால் பிடித்து வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் தொடணும். அதோடு கத்தியால் பிளந்த டப்பாவை ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிக் கடையில் நாள் முழுக்க ஓட விடுவதும் சரியல்ல. புதுச் சார்ஜர் வாங்குங்கள். பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்கிறதா பாருங்கள். வோல்ட் அதே 19, ஆம்பியர் 3.42 அல்லது அதற்கு மேல். அதிக ஆம்பியர் கெடுதி செய்யாது, குறைந்தால் இதே நோய் வரும்.

ஜாக் உங்கள் மாடலில் வயரோடு வரும் தனித்துண்டா, போர்டில் நேராகச் சால்டர் செய்ததா என்று பாருங்கள். வயரோடு வருவது என்றால் கழற்றி மாட்டும் வேலைதான். போர்டில் உள்ளதென்றால் நாலைந்து கால்களையும் பழைய ஈயம் உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைக்கணும். பழைய ஜாக்கின் மேலேயே ஈயம் ஊற்றித் தரச் சம்மதிக்காதீர்கள். கெட்டது உள்ளே இருக்கிற சுருள்தகடு, அதை ஈயம் தொடாது. முடிந்ததும் மெஷினை ஓடவிட்டுச் சார்ஜர் முனைக்கும் ஜாக்கின் போர்டுப் பக்கத்துக் காலுக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வேலை.

வண்ணாரப்பேட்டை_24

ஒரு சந்தேகம். திரும்பத் திரும்ப அமுக்கினா ஏன் கடைசியில வருது? அமுக்கி அமுக்கிச் சூடாகுதா?

வால்வு ரேடியோ

ஆமா. ஒவ்வொரு இழுப்பும் கெப்பாசிட்டரைச் சூடேத்தும்.

சால்டரிங் மேசை

ஒரு பங்கு அது. ஆனால் இரண்டு வினாடி இழுப்பில் எவ்வளவு சூடாகும்? திருநெல்வேலியில் விடியற்காலையே 25 டிகிரி, மலைக்குளிர் ஒன்றும் இல்லை. அண்ணாச்சி செய்த அரைமணிச் சோதனை இதைத்தான் கேட்டது. சும்மா செருகிவைத்ததில் ஐந்து மூன்றாகக் குறைந்தது, ஒன்றாகவில்லை. சூடு மட்டும் காரணமென்றால் முதல் அமுக்கிலேயே வந்திருக்கணும். இன்னொரு பங்கு ஜாக்கிலிருந்து என்று நினைக்கிறேன். ஒவ்வொரு இழுப்பிலும் கருகிய படலத்தில் ஒரு புள்ளி குத்துப்பட்டுத் தடை கொஞ்சம் இறங்கும், ஆறினால் திரும்பக் கூடும். எது எவ்வளவு என்று பிரிக்க ஜாக்கை மட்டும் முதலில் மாற்றி, பழைய சார்ஜரோடு ஒரு வாரம் எண்ணிப் பார்க்கணும். கடை நடத்துகிறவரிடம் அதைக் கேட்க முடியாது.

பேட்டை ஜெராக்ஸ்

ஜாக்கும் சார்ஜரும் ரெண்டுமே மாத்தியாச்சு. ஜாக் வயரோடதான் இருந்துச்சு. கழட்டினதுல ஒரு வயர் முனையே தவிட்டு நிறத்துக்கு வெந்திருந்துச்சு. ஓடும்போது அளந்ததுல 0.05 வோல்ட். எட்டு நாளா காலையில முதல் அமுக்குலயே வருது, பேட்டரி இல்லாமலே. காசு பேட்டரி 2.6 காட்டுச்சுன்னு அதையும் புதுசு போட்டாச்சு.

ஒன்னே ஒன்னு. காசு பேட்டரி போட்ட அன்னைக்கு முதல் தடவை லைட் எரிஞ்சுது, ஃபேன் ஓடிச்சு, திரை கறுப்பாவே நின்னுச்சு. இருபது செகண்ட் பார்த்துட்டுப் பயந்துபோய் அமுக்கி அணைச்சுட்டேன். ரெண்டாவது தடவை வந்துருச்சு. நேத்துக் காலையிலயும் ஒருக்கா அப்படி ஆச்சு.

குற்றாலச் சாரல்

இது என்னோடது மாதிரியேதான்!

சால்டரிங் மேசை

முதல் நாள் நடந்தது இயல்புதான். காசு பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் ரேமைப் பற்றி நினைவில் வைத்திருந்த அளவுகளை மறந்துவிடலாம். திரும்ப அளந்து பழகும்வரை திரை கறுப்பாக இருக்கும், சில மெஷின்களில் ஒரு நிமிடம்கூட ஆகும். நடுவில் அணைக்காமல் காத்திருக்கணும்.

நேற்று நடந்ததற்கு அந்தக் காரணம் போதாது. உள்ளே கை வைத்தபோது ரேம் கொஞ்சம் நெகிழ்ந்திருக்கலாம், குற்றாலத்துக்காரர் சொல்கிற படலமும் இருக்கலாம், இப்போதே சொல்ல முடியாது. அடுத்த தடவை அப்படி நின்றால் அணைக்காதீர்கள். கேப்ஸ் லாக்கை அமுக்குங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிகிறதா, அப்படியே உறைந்து நிற்கிறதா என்று பாருங்கள். எரிந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, திரை கேபிளைப் பார்க்கணும். உறைந்து நின்றால் ரேமைக் கழற்றுவோம். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.